செவ்வாய்க்கிழமை ராத்திரி நான் போட்ட மெசேஜ் பொய்

அக்காமார், பெரியம்மாமார், டிரைவர் தம்பிமார் எல்லாருக்கும் வணக்கம்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விடிகாலையில் ஜீப்புக்கு ஓடுகிறவர்கள் இதற்கு மேல் படிக்காவிட்டாலும் பரவாயில்லை. கம்பம்மெட்டு செக்போஸ்ட்டில் எந்தச் சண்டையும் நடக்கவில்லை. நம்ம ஊர் ஜீப்பை யாரும் மறிக்கவில்லை, யாரையும் இறக்கிவிடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. பாதை எப்போதும் போலத் திறந்துதான் இருக்கிறது. செவ்வாய் இரவு 9:40-க்கு இந்தக் குரூப்பில் நான் போட்ட வீடியோ நம்ம பக்கத்து வீடியோவே இல்லை. அதற்கு மேல் நான் எழுதிய இரண்டு வரியும் பொய். என்னை மன்னித்துவிடுங்கள்.

படிக்கத் தெரியாத பெரியம்மாமாருக்காக இதையே குரலிலும் பேசிக் கீழே போடுகிறேன். பேசும்போது குரல் கொஞ்சம் தடுமாறும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வீடியோ எனக்கு என் மச்சினன் குரூப்பிலிருந்து வந்தது. ரோட்டோரம் ஒரு ஜீப்பை நிறுத்தி நாலைந்து பேர் டிரைவரின் சட்டையைப் பிடிக்கிறார்கள், பின்னால் பெண்கள் கத்துகிறார்கள். ஒரு தடவைதான் பார்த்தேன். புதன்கிழமை சாயங்காலம் பத்தாவது படிக்கும் என் மகள் அதை வாங்கி நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். "அப்பா, பின்னால இருக்கிற கடைப் பலகையப் பாருங்க, இது மலையாளம் இல்ல, கன்னடம்" என்றாள். ஜீப்பின் நம்பர் பிளேட்டில் KA என்று இருந்தது. கேரளா என்றால் KL, நம்ம வண்டி என்றால் TN. பதினான்கு வருஷம் செக்போஸ்ட்டில் நம்பர் எழுதிக்கொடுத்து வண்டி ஓட்டுகிறவனுக்கு அது கண்ணில் படவில்லை. அது மட்டுமா, வீடியோவில் ரோடு காய்ந்து வெயில் சுள்ளென்று அடிக்கிறது. மெட்டில் அப்போது நாலு நாளாக விடாத மழை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதே மழையில் வைப்பர் ஓடாமல் துணியால் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத்தான் நானே வண்டியை இறக்கிக்கொண்டு வந்தேன்.

"ஃபார்வர்ட் செய்தது ஒரு குத்தமா, வந்ததை அனுப்பினாய், அவ்வளவுதானே" என்று நேற்று இரண்டு தம்பிகள் எனக்காகப் பேசினீர்கள். உங்கள் நல்ல மனசு. ஆனால் அது சரியில்லை. வீடியோ யாரோ அனுப்பியது. அதற்கு மேல் "உறுதியான தகவல். நம்ம டிரைவர் ஒருத்தர் நேரில் பார்த்தது. நாளைக்கு யாரும் மேலே போக வேண்டாம்" என்று எழுதியது நான்தான். எந்த டிரைவரும் என்னிடம் அப்படிச் சொல்லவில்லை. மச்சினன் குரூப்பில் "நேரில் பார்த்தவங்க சொன்னாங்க" என்று இருந்ததை, நம்ம ஆட்கள் நம்பட்டும் என்று "நம்ம டிரைவர்" ஆக்கினேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், நீங்கள் யாரும் வீடியோவை நம்பவில்லை. எத்தனையோ வீடியோ வருகிறது, சிரித்துவிட்டுப் போகிறீர்கள். என் இரண்டு வரியைத்தான் நம்பினீர்கள்.

கை பட்டு அனுப்பிவிட்டேன் என்றும் சொல்ல முடியாது. அந்த வீடியோவுக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தது. பல கை மாறி வந்தது என்று வாட்ஸ்அப்பே காட்டுகிற அடையாளம் அது. அப்படி வந்ததை ஒரு நேரத்தில் ஒரு குரூப்புக்குத்தான் அனுப்ப முடியும். நான் மூன்று குரூப்புக்கு அனுப்பினேன். அதாவது மூன்று தடவை தனித்தனியாக உட்கார்ந்து அனுப்பியிருக்கிறேன். அந்த நேரத்தில் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடைக்காரருக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். அவர் நம்பர் என் போனில் இருக்கிறது. தினமும் காலையில் அவர் கடையில்தானே நம்ம வண்டி நிற்கிறது.

ஏன் உடனே நம்பினேன் என்று கேட்டால், பழைய பயம்தான். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் மெட்டுப் பாதையில் வண்டி போகாமல் கிடந்ததை நம்மில் பாதிப் பேர் பார்த்திருக்கிறோம். அப்போது நான் ஜீப்பில் கிளீனர். மேலே தோட்டத்தில் தங்கி வேலை பார்த்த எங்கள் சித்தி, துணிமூட்டையோடு இறங்கி வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதனால் "ஜீப்பை மறிச்சாங்க" என்று யாராவது சொன்னால் வயிறு கலங்கிவிடுகிறது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அந்தப் பயம் உங்களுக்கும் உண்டு என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் அதில் போய்த் தீக்குச்சியைக் கிழித்துப் போட்டேன்.

இனி நடந்தது. புதன்கிழமை காலை 6 ஜீப்பில் 5 கிளம்பவில்லை. மேஸ்திரி அக்கா கணக்கில் 48 பேருக்கு அன்றைய கூலி போயிற்று. இந்த வாரம் குழுக் கடன் கட்ட வேண்டியவர்கள் அதில் எத்தனை பேர் என்பதும் எனக்குத் தெரியும். வண்டன்மேட்டுத் தோட்டத்தில் அன்றைக்கு எடுக்க வேண்டிய ஏலக்காய் செடியிலேயே நின்றுவிட்டது. பழுத்த காயை விட்டால் ஸ்டோரில் காயப்போடும்போது வெடித்துவிடும், வெடித்த காய்க்கு ஏலத்தில் விலை நிற்காது. தோட்டக்காரர் போன் போட்டு மேஸ்திரி அக்காவைத்தான் திட்டியிருக்கிறார். நான் வாங்க வேண்டிய திட்டை அக்கா வாங்கியிருக்கிறார். அக்கா, உங்களிடம் நேரிலும் வந்து சொல்கிறேன், இங்கே எல்லார் முன்னாலும் சொல்கிறேன், தப்பு உங்களுடையது இல்லை. தோட்டக்காரரிடமும் நேற்று நானே பேசி நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

மெசேஜைப் பார்க்காமல் பஸ்ஸில் ஏறிப்போன தெற்குத் தெரு பெரியம்மா வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் கூலியோடு வந்தார். "மேல என்ன பெரியம்மா நிலவரம்?" என்று கேட்டதற்கு, "மழதான், அட்டைக் கடிதான், வேறென்ன?" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. மெட்டு ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சேட்டனை உங்கள் எல்லாருக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் இங்கே இருக்கிறார், பிள்ளைகள் நம்ம பிள்ளைகளோடு தமிழ் மீடியத்தில் படித்தவர்கள். செவ்வாய் இரவு என் மெசேஜைக் காட்டி மூன்று பையன்கள் அவர் கடைக்குப் போய், "உங்க ஆளுங்க எங்க ஆளுங்கள அடிக்கிறாங்க, நீ இங்க நிம்மதியா கடை நடத்துறியா?" என்று கேட்டிருக்கிறார்கள். கை வைக்கவில்லை. ஆனால் அவர் ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய், மறுநாள் முழுக்கக் கடையைத் திறக்கவில்லை. அவர் வீட்டில் அம்மாவை அன்று இரவே போடியில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். செக்போஸ்ட்டில் நடக்காத சண்டை நம்ம ரோட்டில் நடக்கப் பார்த்தது. அதற்குக் காரணம் நான்.

நேற்று இரவு அவர் வீட்டுக்குப் போனேன். என்ன பேசினேன் என்று முழுதும் இங்கே எழுதவில்லை, அழுதுவிட்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "எங்கிட்ட சொன்னது சரி. குரூப்பில போட்டதை குரூப்பிலதான் சொல்லணும்" என்றார். கிளம்பும்போது, போன வாரத்துப் பஞ்சர் காசு 80 ரூபாய் பாக்கி இருப்பதையும் ஞாபகப்படுத்தினார். கொடுத்துவிட்டேன். இன்று காலை கடையைத் திறந்திருக்கிறார். அந்த மூன்று பையன்களும் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறீர்கள், பெயர் சொல்லவில்லை. என்னோடு வருவதாக இருந்தால் இன்று சாயங்காலம் மறுபடியும் அவரிடம் போகலாம். நான் வருகிறேன்.

புதன் இரவே அந்த மெசேஜை எல்லாருக்கும் டெலீட் செய்துவிட்டேன். செய்துவிட்டு ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அப்படியே மறந்துவிடுவீர்கள் என்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுவும் தப்பு. நான் அழித்தது இந்தக் குரூப்பில் இருந்ததை மட்டும்தான். நீங்கள் என்னை நம்பி வேறு குரூப்பில் போட்டது அங்கேயேதான் இருக்கும். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு குரூப்பில் இன்று காலைகூட அது சுற்றியதாக ஒரு தம்பி சொன்னார். அதனால் ஒரு உதவி. என் மெசேஜை எங்கே எங்கே அனுப்பினீர்களோ, அங்கெல்லாம் இதையும் அனுப்புங்கள். என் பெயரை எடுக்க வேண்டாம், பெயரோடேயே போகட்டும். நான் அனுப்பிய மற்ற இரண்டு குரூப்பிலும் இதே மெசேஜை இப்போதே போடுகிறேன்.

48 பேரின் கூலியை என் கையிலிருந்து கொடுக்க வசதியில்லை. பொய் வாக்கு கொடுக்க மாட்டேன், ஒரு பொய் போதும். தோட்டக்காரரிடம் கேட்டதில், வருகிற ஞாயிற்றுக்கிழமை காய் எடுக்க ஆள் வேண்டும், விட்ட நாளுக்குப் பதிலாக வரலாம் என்று ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை வேலை என்பது உங்களுக்கும் சிரமம்தான், துணி துவைக்க, பிள்ளைகளைப் பார்க்க இருக்கிற ஒரே நாள் அது. வர முடியாதவர்கள் வர வேண்டாம். வருகிறவர்களுக்கு என் ஜீப்பில் போக வர வண்டிக்காசு கிடையாது. ஒரே நடையில் எல்லாரும் ஏற முடியாது என்பதால் இரண்டு நடை அடிக்கிறேன், ஆளை அடைத்து ஏற்ற மாட்டேன். முதல் நடை காலை 5 மணி, இரண்டாவது 6:30. மெட்டு ரோடு முக்கில் நிற்பேன்.

இந்தக் குரூப்பில் நான் இருக்க வேண்டாம் என்று அட்மின் அண்ணன் நினைத்தால் எடுத்துவிடுங்கள், மனஸ்தாபம் இல்லை. வைத்திருந்தால், இனிமேல் வண்டி நேரம், மழை, ரோட்டில் மரம் விழுந்தது, இவற்றைத் தவிர வேறெதுவும் போட மாட்டேன். அதுவும் நானே பார்த்ததாக இருந்தால் மட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் மேஸ்திரி அக்காவிடம் நாளை இரவுக்குள் பெயர் சொல்லிவிடுங்கள். மழைத்தாள் கொண்டு வாருங்கள், மேலே இன்னும் மழை விடவில்லை. இது நான் இன்றைக்குக் காலையில் பார்த்தது.

செல்வம், ஜீப் டிரைவர்