நிலா பர்த்டே க்விஸ்: ஹீரோவுக்கு இன்னிக்கு லீவு!

(அக்கா, கேள்விய நான் வாசிக்கிறேன், மார்க் மட்டும் நீ போட்டுடு. பதில் கூடவே எழுதிருக்கு, அதனால பேப்பர வாண்டுங்க கண்ணுல காட்டிடாத.)

எல்லாரும் உக்காருங்க, நிலா நீ நடுவுல வா. இந்தப் பக்கம் இருக்கவங்க கூட்டாளி டீம், அந்தப் பக்கம் வில்லன் டீம். ரூல் ஒண்ணே ஒண்ணுதான், ஹீரோ பேர பதிலா சொன்னா மார்க் கிடையாது. ஹீரோவதான் எல்லாருக்கும் தெரியுமே, இன்னிக்கு அவன் கூடவே சுத்துறவனையும் அவன்கிட்ட அடி வாங்குறவனையும் பத்திதான் கேள்வி. தெரிஞ்சா கைய தூக்கணும், கத்துனா கேள்வி எதிர் டீமுக்குப் போயிடும்.

முதல் ரவுண்டு: கூடவே சுத்துறது யாரு? (கேள்விக்கு 5 மார்க்)

1. சோட்டா பீம் கூட இருக்குற பேசுற குரங்கு பேர் என்ன?
ஜக்கு. (சின்னதுங்களுக்கு விட்டுடுங்க, பெரியவங்க வாய மூடிக்கணும்.)

2. வெயில் காலம்னா எனக்கு உசுருன்னு பாட்டெல்லாம் பாடுவான், ஆனா வெயில் வந்தா உருகிப் போயிடுவோம்னு அவனுக்கே தெரியாது, மூக்கு ஒரு கேரட். யாரு?
ஓலாஃப்.

3. ஷ்ரெக் கூடவே வந்து வாய் ஓயாம பேசிட்டே இருக்கும், போன்னு விரட்டுனாலும் போகாது. என்ன மிருகம்?
கழுதை. (பேர் கேட்டாலும் கழுதைதான், அதுக்குத் தனிப் பேரே வைக்கல பாவம்.)

4. சிம்பா குட்டியா இருக்கும்போது பாலைவனத்துல மயங்கிக் கிடந்துச்சு, ரெண்டு பேர் வந்து காப்பாத்தி புழு பூச்சியெல்லாம் திங்க பழக்குனாங்க. ரெண்டு பேரையும் சொல்லணும், ஒண்ணு சொன்னா பாதி மார்க்.
டிமோன், பும்பா. பும்பா காட்டுப்பன்னி, டிமோன் கீரி மாதிரி இருக்குற மீர்கேட். எலின்னு சொன்னா சிரிச்சுட்டு தப்புன்னு சொல்லிடுங்க.

ரெண்டாவது ரவுண்டு: மாட்டுனான் வில்லன் (கேள்விக்கு 10 மார்க், எனக்குப் பிடிச்ச ரவுண்டு இதுதான்)

5. ஜியான் நோபிதாவ அடிக்கும்போதெல்லாம் பக்கத்துல நின்னு ஜால்ரா அடிக்கிற பணக்காரப் பையன் யாரு?
சுனியோ. கூடவே ஒரு போனஸ், ஜியான் அடிக்கிறதவிட எல்லாரும் அதிகமா பயப்படுறது எதுக்கு? அவன் பாடுறதுக்கு! (2 மார்க்)

6. ஒருத்தன் தினமும் புதுசா ஒரு மெஷின் செய்வான், அதுக்குப் பேர் வைக்கும்போது கடைசியில "இனேட்டர்"னு முடிப்பான், அத உடைக்க ஒரு பிளாட்டிபஸ் வரும். தொப்பி போட்டு நின்னா "அட, பெர்ரி!"ன்னு அலறுவான், தொப்பிய கழட்டிட்டா அதே பிளாட்டிபஸ யாருன்னே தெரியாது. இந்தப் புத்திசாலி யாரு?
டாக்டர் டூஃபன்ஷ்மர்ட்ஸ். (வாய்ல நுழையாது, "டூஃப்"னு சொன்னாலே முழு மார்க் குடுத்துடலாம்.)

7. ஸ்பாஞ்ச்பாப் கடையோட ரகசிய ரெசிபிய திருட எப்பப் பாத்தாலும் பிளான் போடுறவன், ஆள் விரல் நுனி சைஸ்கூட இருக்க மாட்டான், இவன் பொண்டாட்டி ஒரு கம்ப்யூட்டர்.
பிளாங்க்டன். பொண்டாட்டி பேர் கேரன்.

8. பாத்தா பிங்க் கலர் டெட்டி, மேல ஸ்ட்ராபெர்ரி வாசனை, கைல ஊன்றுகோல், ஆனா மனசு முழுக்க விஷம். எந்தப் படம், யாரு?
டாய் ஸ்டோரி 3, லாட்ஸோ.

9. ஜாஃபர் தோள்லயே உக்காந்திருக்குற கிளி பேர் என்ன? ரெண்டாவது பாதி, ஜாஃபர் கடைசியா என்ன வரம் கேட்டு மாட்டிக்கிட்டான்?
இயாகோ. தானே பூதமாகணும்னு கேட்டான், பூதம்னா விளக்குக்குள்ள அடைஞ்சு கிடக்கணும்ங்கறத யோசிக்கவே இல்ல. அலாவுதீன் உசுப்பேத்தி விட்டதுல வந்த வினை.

10. க்ரூ வானத்துலேருந்து எத சுருக்கித் திருடுனான்?
நிலாவ! (இத பர்த்டே பேபிதான் சொல்லணும், வேற யாரும் கைய தூக்காதீங்க.)

மூணாவது ரவுண்டு: நடிச்சுக் காட்டு

டீமுக்கு ஒருத்தர் வாங்க. கூட்டாளி டீம் மினியன் மாதிரி பேசணும், வில்லன் டீம் வில்லன் சிரிப்பு சிரிக்கணும், யார் சிரிப்ப கேட்டு நிலா பயப்படுறாளோ இல்ல விழுந்து விழுந்து சிரிக்கிறாளோ அவங்களுக்கு 10 மார்க். தீர்ப்பு நிலாவோடது, அழுதாலும் மாத்த மாட்டோம்.

டை ஆச்சுன்னா மட்டும்

டாம் அண்ட் ஜெர்ரி முதல் கார்ட்டூன் எந்த வருஷம் வந்துச்சு? பக்கத்துல வர்ற நம்பர் சொன்ன டீம் ஜெயிச்சுது.
1940. அதுல டாமுக்கு டாம்னு பேரே கிடையாது, ஜாஸ்பர்னு கூப்டுவாங்க!

சரி, ஜெயிச்ச டீம் கிஃப்ட முதல்ல எடுக்கலாம், தோத்த டீமும் எடுக்கலாம், தள்ளாம வாங்க.