முன்னுரிமைப் பங்கு, தக்கவைத்த வருவாய்: ஒரு கணக்கும் அதன் விடையும்

கணக்கு

டர்பன், சாட்ஸ்வர்த்தில் மசாலா அரைத்துப் பொட்டலமிடும் நிறுவனம் ஒன்று புதிய ஆலைக்கு 10 மில்லியன் ரேண்ட் திரட்டுகிறது. தக்கவைத்த வருவாயிலிருந்து 2 மில்லியன், புதிய சாதாரணப் பங்குகள் மூலம் 3 மில்லியன், 9% முன்னுரிமைப் பங்குகள் மூலம் 1 மில்லியன், 11% வட்டிக் கடனாக 4 மில்லியன்.

சாதாரணப் பங்கின் சந்தை விலை 50 ரேண்ட். அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் பங்காதாயம் 4 ரேண்ட், அது ஆண்டுக்கு 5% வளரும். புதிய பங்கு ஒவ்வொன்றுக்கும் வெளியீட்டுச் செலவு 2 ரேண்ட். முன்னுரிமைப் பங்கின் முக மதிப்பு 100 ரேண்ட், செலவு போக நிறுவனத்தின் கைக்கு வருவது 92 ரேண்ட். 10 ஆண்டு கழித்து 100 ரேண்டுக்கு மீட்கப்படும். நிறுவன வரி 27%. எடையிட்ட சராசரி மூலதனச் செலவு என்ன?

விடை

கடனை முதலில் முடித்துவிடலாம். வட்டிக்கு வரிச் சலுகை உண்டு.

11% × (1 − 0.27) = 8.03%

அடுத்தது முன்னுரிமைப் பங்கு. கடனுக்குச் செய்த அதே கை இங்கேயும் 0.73-ஆல் பெருக்கப் போகும், அதை நிறுத்துங்கள். முன்னுரிமைப் பங்காதாயம் வரி கட்டிய பிறகு மிஞ்சும் லாபத்திலிருந்து கொடுக்கப்படுவது. வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிக்க முடியாது. நிறுவனம் 9 ரேண்ட் கொடுத்தால் முழு 9 ரேண்டும் அதன் பையிலிருந்தே போகிறது. தென்னாப்பிரிக்காவில் பங்காதாயத்தின் மீது 20% வரி பிடிக்கிறார்களே என்று கேட்கலாம். அது பங்குதாரரின் வரி. அவருக்குப் போக வேண்டிய பணத்திலிருந்து பிடித்து அரசுக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவுதான். நிறுவனம் தரும் தொகை அதனால் குறையாது, கூடவும் செய்யாது.

மீட்கும்போது 8 ரேண்ட் கூடுதலாகத் தர வேண்டியிருக்கிறது. அதை 10 ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 0.80. கீழே முக மதிப்பு வராது. கைக்கு வந்த 92-க்கும் மீட்புத் தொகை 100-க்கும் சராசரி, அதாவது 96.

(9 + 0.80) ÷ 96 = 10.21%

இது தோராயச் சூத்திரம். வட்டி விகிதத்தை மாற்றி மாற்றிப் போட்டுச் சரியாகத் தேடினால் சுமார் 10.32% வரும். தேர்வில் எந்த முறை என்று கேள்வியே சொல்லும், சொல்லாவிட்டால் தோராயம் போதும். மீட்பே இல்லாத பங்காக இருந்தால் 9 ÷ 92 = 9.78% என்று ஒரே வரியில் முடிந்திருக்கும்.

தக்கவைத்த வருவாய்க்கு யாருக்கும் காசோலை எழுதுவதில்லை. அதனால் 0% என்று போட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பணம் பங்குதாரருடையது. பங்காதாயமாகக் கொடுத்திருந்தால் இதே அளவு அபாயமுள்ள வேறொரு பங்கில் போட்டு அவர் 13% எதிர்பார்த்திருப்பார். அந்த வாய்ப்பை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டு, ஈடாக ஒன்றும் தர வேண்டாம் என்பது நியாயமில்லை. ஆகவே சாதாரணப் பங்கின் செலவேதான் இதன் செலவும். வெளியீட்டுச் செலவு மட்டும் சேராது.

தக்கவைத்த வருவாய்: 4 ÷ 50 + 5% = 13%
புதிய பங்கு: 4 ÷ 48 + 5% = 13.33%

இந்தியாவில் அச்சான சில பாடநூல்களில் 13%-ஐப் பங்குதாரரின் தனிநபர் வரிக்கும் தரகுக்கும் குறைத்துக்கொள்ளும் சூத்திரம் இருக்கும். இங்கே அதை நானாகப் போடமாட்டேன். தென்னாப்பிரிக்க நிறுவனங்களும் ஓய்வூதிய நிதிகளும் அந்த 20% வரியிலிருந்து விலக்குப் பெற்றவை, தனிநபர் கட்டுகிறார். யாருடைய விகிதத்தைப் பிடிப்பது? கேள்வி விகிதத்தைக் கொடுத்தால் மட்டும் பயன்படுத்துங்கள்.

இப்போது எடை. திரட்டும் தொகையையே எடையாக எடுத்து, ஒவ்வொன்றின் ஆண்டுச் செலவையும் ரேண்டில் எழுதுகிறேன்.

தக்கவைத்த வருவாய்: 2,000,000 × 13% = 260,000
புதிய பங்கு: 3,000,000 × 13.33% = 400,000
முன்னுரிமைப் பங்கு: 1,000,000 × 10.21% = 102,083
கடன்: 4,000,000 × 8.03% = 321,200
மொத்தம்: 1,083,283

(விகிதங்களை முழுத் தசமத்தோடு பெருக்கியிருக்கிறேன்.)

1,083,283 ÷ 10,000,000 = 10.83%

தக்கவைத்த வருவாய்க்கு 0% போட்டிருந்தால் விடை 8.23% ஆகியிருக்கும். 9.5% மட்டுமே ஈட்டும் ஆலையைக்கூட லாபகரம் என்று நம்பிக் கட்டியிருப்பார்கள். முன்னுரிமைப் பங்குக்கு வரி கழித்த தவறு சிறியது, 10.56% காட்டும். ஆனால் திருத்துபவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

பயிற்சி: முன்னுரிமைப் பங்கை 105 ரேண்டுக்கு மீட்பதாக மாற்றிச் செய்து பாருங்கள். மேலே 9 + 1.30, கீழே 98.50, செலவு 10.46%, சராசரி 10.86% வர வேண்டும்.