வெள்ளவத்தைப் பட்டறையில் வறுத்த கறித்தூள்: காட்டுவதும் காட்டாததும்

ஒரு தடவைக்குச் செத்தல் மிளகாய் 10 கிலோ, மல்லி 10 கிலோ. இது ஊரறிந்த கணக்கு, மறைக்க ஒன்றுமில்லை. மல்லியைத் தனியாக, மெல்லிய நெருப்பில், கையில் நசுக்கினால் நொறுங்கும்வரை வறுக்கிறோம். மிளகாய்க்குத் தாச்சியில் சில துளி நல்லெண்ணெய். வெந்தயம் கொஞ்சம் கருகினாலும் முழுத்தூளும் கசக்கும், அதைத் திருத்த வழியே இல்லை. கறிவேப்பிலையில் ஈரம் இருந்தால் தூள் கட்டிபடும், பிறகு பூஞ்சணம். கொழும்புக் கடற்காற்றில் இது இன்னும் கெதியாக நடக்கும். அரைத்த தூளைத் தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிட்டே பக்கெற்றில் அடைக்கிறோம். சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்க்கும்.

காட்டாதது சின்னச் சரக்கின் அளவும் வறுக்கும் வரிசையும். அந்தச் சரக்கை ஒருவர் முதல் நாளே தராசில் நிறுத்து, 'அ', 'ஆ', 'இ' என்று மட்டும் எழுதிய பைகளில் கட்டிவைப்பார். வறுப்பவருக்குப் பையின் நிறை தெரியாது, நிறுப்பவர் தாச்சிப்பக்கம் வருவதில்லை. வெளியே காட்டும் பட்டறைப் படங்களில் தராசின் திரை தெரியாது. வாங்கிய பற்றுச்சீட்டுகளும் பூட்டில்தான். பலர் மறப்பது இதைத்தான், மாதக் கொள்முதலைக் கூட்டிப்பார்த்தாலே விகிதம் பிடிபட்டுவிடும்.

பொருட்களின் பெயர் லேபிளில் இருக்கும், அளவு இராது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வெளியிடப்படாத தகவலையும் காக்கிறது. ஆனால் காக்க நாமும் முயன்றிருக்கவேண்டும். அதனால் வேலைக்குச் சேர்பவர்களிடம் இரகசியம் காப்பதாக, ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குகிறோம்.