பிறப்புச் சான்றிதழில் மகளின் பெயரில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தக் கோரும் விண்ணப்பம்

திருப்பூர்,
09.03.2026

அனுப்புநர்
மு. சுகன்யா,
க/பெ. செ. தினேஷ்குமார்,
18, பிள்ளையார் கோவில் வீதி,
திருப்பூர்.

பெறுநர்
பிறப்பு இறப்புப் பதிவாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
பழனி,
திண்டுக்கல் மாவட்டம்.

பொருள்: பிறப்புச் சான்றிதழில் 'கயல்விளி' என்று பதிவாகியுள்ள என் மகளின் பெயரை 'கயல்விழி' என்று திருத்தித் தருமாறு வேண்டுதல்.

பார்வை: பதிவு எண் 1187, பதிவு செய்த நாள் 30.10.2023.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். என் மகள் 17.10.2023 அன்று பழனியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பிறந்தாள். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். நாங்கள் இப்போது திருப்பூரில் குடியிருந்தாலும் பிறந்த இடத்தில்தான் பதிவு இருக்கிறது என்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

குழந்தைக்குப் பெயரை முன்பே முடிவு செய்துவிட்டோம். மருத்துவமனையில் பிறப்பு விவரப் படிவத்தை என் கணவர்தான் நிரப்பிக் கையெழுத்திட்டார். அதில் 'கயல்விழி' என்று தமிழிலும், KAYALVIZHI என்று ஆங்கிலத்திலும் தெளிவாக எழுதியிருக்கிறார். அந்தப் படிவத்தின் நகல் எங்களிடம் இருக்கிறது. மருத்துவமனையில் விவரங்களைக் கணினியில் ஏற்றும்போது ழகரம் ளகரமாகிவிட்டது. ஆங்கிலத்திலும் அதற்கேற்ப KAYALVILI என்று பதிவாகிவிட்டது. பிறந்த தேதி, நேரம், எங்கள் இருவரின் பெயர்கள், முகவரி எல்லாம் சரியாகவே உள்ளன.

நாங்கள் கேட்பது பெயர் மாற்றம் அல்ல. முதல் நாளிலிருந்து அவள் பெயர் கயல்விழிதான். பிரசவத்துக்குப் பழனி வந்திருந்தபோது அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த தடுப்பூசி அட்டையில் செவிலியர் எழுதியிருப்பதும் அதே பெயர்தான். எனவே இதை எழுத்துப்பிழையாகக் கருதி, 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவின்படியும், 2000-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விதிகளில் 11-ஆவது விதியின்படியும் திருத்தித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் திருத்தத்தைக் குறித்து, தாங்கள் கையொப்பமும் தேதியும் இடுவதே நடைமுறை என்று அறிகிறேன். அப்படியே செய்து தந்தால் போதும். விவரம் அறிந்த இருவரின் உறுதிமொழி தேவைப்படலாம் என்று, பிரசவத்தின்போது உடனிருந்த என் சித்தியும் பக்கத்து வீட்டு ஆசிரியை ஒருவரும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதங்களையும் இணைத்திருக்கிறேன்.

ஒரே எழுத்துதானே, பள்ளியில் சேர்க்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படி விட மனமில்லை. 2023 திருத்தச் சட்டம் அந்த ஆண்டு அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். என் மகள் பிறந்தது அந்த மாதமே. ஆதார் எடுக்கப் போனபோது, சான்றிதழில் உள்ளபடிதான் பெயரைப் பதிய முடியும் என்றார்கள். தப்பான பெயரில் ஆதார் வேண்டாம் என்று எடுக்காமலே திரும்பிவிட்டோம். அடுத்த ஆண்டு எல்.கே.ஜி.யில் சேர்க்க வேண்டும். அதற்குள் இது சரியானால், ஒவ்வோர் அலுவலகத்திலும் 'இரண்டு பெயரும் ஒரே பிள்ளையுடையதுதான்' என்று அவள் வாழ்நாள் முழுக்க நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பெயரைத் திருத்தி, கணினிப் பதிவிலும் அது ஏறும்படி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். கணினியில் பழைய பெயரே இருந்தால், அடுத்த முறை இணையத்தில் எடுக்கும் சான்றிதழிலும் பிழை வந்துவிடும். பிறகு திருத்திய சான்றிதழில் மூன்று பிரதிகள் வேண்டும். அதற்குரிய கட்டணத்தைச் செலுத்திவிடுகிறேன்.

நானும் என் கணவரும் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். அதனால் வேறு ஆவணம் எதுவும் தேவைப்பட்டால் எல்லாவற்றையும் ஒரே முறையில் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். நேரில் விசாரிக்க வேண்டுமென்றால் தாங்கள் சொல்லும் நாளில் இருவரும் வந்துவிடுகிறோம். சான்றிதழைப் பெற்றுக்கொள்ள மட்டும், பழனியிலேயே இருக்கும் என் தந்தை திரு. முருகேசனுக்கு இக்கடிதத்தின் மூலம் அதிகாரம் அளிக்கிறேன். அவரிடம் அடையாள அட்டை இருக்கும். எங்கள் கைபேசி எண்களை ஆதார் நகல்களின் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மு. சுகன்யா (தாய்)
செ. தினேஷ்குமார் (தந்தை)

இணைப்பு:
பிறப்புச் சான்றிதழ் (அசல்), மருத்துவமனைப் படிவத்தின் நகல், தடுப்பூசி அட்டை நகல், பெற்றோர் இருவரின் ஆதார் நகல்கள், உறுதிமொழிக் கடிதங்கள் இரண்டு.