சனிக்கிழமை நம் கடை சைட் ஏன் நின்றது, எப்படிச் சரியானது

அக்காவுக்கு வணக்கம்.

போனில் அவசரமாகச் சொன்னதை மாமாவுக்கும் காட்ட எழுதித் தரச் சொன்னீர்கள். முதலில் நீங்கள் உடனே பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலை மூன்று பேர் பணம் கட்டியிருக்கிறார்கள். பேமென்ட் கேட்வே கணக்கில் பணம் வந்துவிட்டது, ஆனால் நம் சைட்டில் அந்த ஆர்டர்கள் `Cancelled` என்று கிடந்தன. மூன்றையும் கேட்வே கணக்கோடு ஒத்துப் பார்த்து `Processing` என்று மாற்றிவிட்டேன். ஒன்று நெத்திலியும் வாளையும், ஒன்று சீலா மட்டும், மற்றொன்று கருப்பட்டி. மூவருக்கும் ஒரு போன் போட்டுவிட்டு இன்றே பார்சல் அனுப்புங்கள். பணம் போய் சரக்கு வராவிட்டால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள்.

இனி நடந்தது என்ன என்பது.

பாம்பன் காற்றில் கேபிள் போய்விட்டதா என்று கேட்டீர்கள். இல்லை. நம் சைட் இருக்கிற சர்வர் மும்பையில் இருக்கிறது. பாம்பனில் கரன்டோ நெட்டோ போனால் உங்களால்தான் சைட்டைப் பார்க்க முடியாது, மதுரைக்காரர் வழக்கம்போல வாங்கிக்கொண்டுதான் இருப்பார். யாராவது ஹேக் செய்தார்களா என்ற சந்தேகத்தையும் பார்த்துவிட்டேன். நமக்குத் தெரியாத லாகின் ஏதும் பதிவில் இல்லை, புதிய அட்மின் கணக்கு யாரும் திறக்கவில்லை, புரோகிராம் ஃபைல்களும் ஒரிஜினலோடு ஒத்துப்போகின்றன.

காரணம், சர்வரில் இடம் தீர்ந்துபோனது. உள்ளே போனதும் நான் பார்த்த முதல் விஷயம் இதுதான்:

```
Filesystem      Size  Used Avail Use% Mounted on
/dev/vda1        25G   24G     0 100% /
```

25 ஜிபி டிஸ்க்கில் மீதி பூஜ்யம். கிட்டங்கியில் கருவாட்டு மூட்டை வாசல் வரை அடைந்துவிட்டால், கணக்கு நோட்டை விரித்து எழுதக்கூட இடம் இருக்காதல்லவா, அந்த நிலைமைதான். இங்கே கணக்கு நோட்டு என்பது டேட்டாபேஸ். ஒருவர் கூடையில் ஒரு பாக்கெட் நெத்திலி போட்டாலும் அது டேட்டாபேஸில் எழுதியாக வேண்டும். சனிக்கிழமை காலை சிலருக்கு முகப்புப் பக்கம் திறந்தது, பொருள் படம் தெரிந்தது, வாங்கப் போனால் மட்டும் சுற்றிக்கொண்டே நின்றது என்று சொன்னீர்களே, காரணம் இதுதான். ஏற்கெனவே எழுதியதைப் படித்துக் காட்ட இடம் வேண்டாம், புதிதாக எழுதத்தான் வேண்டும்.

அவ்வளவு இடத்தை எது பிடித்தது? பேக்கப். தினமும் இரவு 2 மணிக்கு முழு சைட்டையும் ஒரு ஜிப் ஃபைலாகக் கட்டி வைக்கும்படி முன்பே செட் செய்திருந்தார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பழையதை அழிக்கச் சொல்லும் பகுதி காலியாக விடப்பட்டிருந்தது. போன கார்த்திகையில் கடை திறந்த நாளிலிருந்து ஒவ்வொரு இரவு பேக்கப்பும் அப்படியே அடுக்கிக்கொண்டே வந்திருக்கிறது. அப்போது ஒரு பேக்கப் சுமார் 60 எம்பி, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கருவாட்டுக்குக் கிராக்கி ஏறும் என்று புதுப் படங்கள் எடுத்துப் போட்டீர்கள். படங்கள் அருமை, அதில் குறையே இல்லை. ஆனால் போனில் எடுத்த ஒரு படம் 6 எம்பிக்குக் குறையாது. நம் சைட்டை ஓட்டுகிற வேர்ட்பிரஸ் அந்தப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, போனுக்கு ஒன்று, பெரிய ஸ்கிரீனுக்கு ஒன்று, பட்டியலில் காட்டக் குட்டியாக ஒன்று என்று பல அளவுகளில் பிரதியும் எடுத்துக்கொள்ளும். ஒரே நாளில் பேக்கப் 60 எம்பியிலிருந்து 360 எம்பி ஆனது. அதுவரை ஐந்து மாதத்தில் பிடித்த இடத்தை அடுத்த நான்கு வாரத்தில் பிடித்துவிட்டது. சனிக்கிழமை அதிகாலை பேக்கப் பாதியிலேயே நின்றிருக்கிறது, அந்த அரைகுறை ஃபைலும் கிடந்தது.

தம்பி 10:50-க்கு சர்வரை ரீபூட் செய்ததால்தான் கெட்டது என்று அவனைத் திட்டியிருக்கிறீர்கள். பாவம், விட்டுவிடுங்கள். தடுமாறிக்கொண்டிருந்த டேட்டாபேஸ் ரீபூட்டுக்குப் பிறகு எழும்பவே இல்லை, ஏனென்றால் அது தொடங்குவதற்கே கொஞ்சம் எழுத வேண்டும். அப்போதுதான் எல்லோருக்கும் `Error establishing a database connection` என்று வெள்ளைப் பக்கம் வந்தது. ரீபூட் செய்யாவிட்டாலும் மதியத்துக்குள் அங்கேதான் போய் நின்றிருக்கும். சொல்லப்போனால் முழுசாக நின்றது ஒருவகையில் நல்லது. அரைகுறையாக ஓடியிருந்தால் பணம் மட்டும் போன ஆர்டர் மூன்றோடு நின்றிருக்காது. அந்த மூவரும் பணம் கட்டிய நேரம் ரீபூட்டை ஒட்டித்தான் இருக்கிறது. ஆர்டர் பதிவாகிவிட்டது, ‘பணம் வந்தது’ என்று கேட்வே சொன்னபோது கேட்டு எழுத ஆளில்லை.

சரிசெய்தது பெரிய வித்தை இல்லை. இந்த வகை டிஸ்க்கில் 5 சதவீதம் இடத்தை நிர்வாகிக்கென்று தனியே ஒதுக்கி வைத்திருப்பார்கள், அதனால் என்னால் உள்ளே போய் வேலை பார்க்க முடிந்தது. அரைகுறை ஃபைலை அழித்தேன். மாதத்துக்கு ஒன்று வீதம் பேக்கப்பை என் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டு, கடைசி ஏழு நாள் தவிர மற்றதையும் அழித்தேன். டேட்டாபேஸை மறுபடி தொடங்கி, எல்லா டேபிளும் பழுதில்லாமல் இருக்கிறதா என்று சோதித்தேன். ஒரு பாக்கெட் கருப்பட்டியை நானே வாங்கிப் பார்த்த பிறகுதான் 4:40-க்கு உங்களுக்கு மெசேஜ் அனுப்பினேன். (அதை அனுப்ப வேண்டாம். அனுப்பினாலும் மறுக்கமாட்டேன்.)

இனி எட்டாவது நாள் பேக்கப் தானாக அழியும். அதோடு தினமும் ஒரு பிரதி வேறொரு இடத்துக்குப் போகும். பேக்கப்பை அதே சர்வரிலேயே வைத்திருந்தது எனக்கு முன்பே பிடிக்காத விஷயம். சர்வர் போனால் பேக்கப்பும் சேர்ந்து போகும், பிறகு அது எதற்கு? படங்களையும் சுருக்கிவிட்டேன், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, பக்கம்தான் முன்பைவிட வேகமாகத் திறக்கும். டிஸ்க் 80 சதவீதம் தாண்டினால் உங்கள் போனுக்கும் எனக்கும் எச்சரிக்கை வரும்.

சர்வர் கம்பெனி ஹெல்ப்லைனில் இரண்டு மடங்கு வாடகைக்குப் பெரிய பிளானுக்கு மாறச் சொன்னார்களே, மாறாதீர்கள். இப்போது 25 ஜிபியில் 9 கூட நிறையவில்லை. பேக்கப்பை அப்படியே விட்டிருந்தால் பெரிய பிளானும் சில மாதத்தில் நிறைந்திருக்கும். ஆர்டர் உண்மையாகவே பெருகி, தீபாவளி நேரத்தில் சைட் திணறினால் அப்போது நானே சொல்கிறேன்.

ஜூன் 14-ஓடு தடை முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போனதும் கணவாய், திருக்கைப் படம் போடுவதாகச் சொல்லியிருந்தீர்கள். போனிலிருந்து நேராக ஏற்றலாம், எனக்கு அனுப்பிச் சுருக்கி வாங்க வேண்டியதில்லை. ஏற்றும்போதே சைட் சுருக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ராமநாதபுரத்திலிருந்து உங்கள் சைட்டைப் பார்த்துக்கொள்பவன்