வக்கீல் கயல்விழிக்கு

பாளையங்கோட்டை
12.10.2025

அன்புள்ள கயல்,

உறுதிமொழி எடுத்துவிட்டு நீ அனுப்பிய படம் வந்தபோது சப்-கோர்ட் வராந்தாவில் நின்றிருந்தேன். கழுத்தில் வெள்ளைப் பட்டை, கறுப்புக் கோட், மேலே கவுன். குமாஸ்தா அண்ணாச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். "நம்ம பிள்ளை வக்கீலாயிட்டு" என்றார். எனக்கும் அதற்கு மேல் பேச்சு வரவில்லை. மனம் நிறைந்த வாழ்த்துகள், அம்மா.

சாயங்காலம் உன் அப்பா போன் செய்தார்கள். பதிவுக்கு எவ்வளவு ஆகுமோ என்று முதல் வருஷத்திலிருந்தே பயந்துகொண்டிருந்தார்களாம். பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் பார் கவுன்சில்கள் வாங்கக்கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நீதான் வீட்டில் வாசித்துக் காட்டினாயாமே. அப்பா அதைப் பெருமையாகச் சொன்னார்கள். சட்டத்தால் ஒரு வீட்டுக் கவலை தீர்ந்ததை நீ உன் வீட்டிலேயே பார்த்துவிட்டாய்.

நீ இன்டர்ன்ஷிப் வந்த அந்த ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கிறேன். ஆச்சியின் பாதை வழக்குக் கட்டை உன்னிடம் கொடுத்து, "படித்துப் பார்த்துச் சுருக்கம் எழுதிக்கொடு" என்று சொல்லியிருந்தேன். மற்ற பிள்ளைகள் பிராதையும் எதிருரையையும் படித்து ஒரு பக்கம் எழுதுவார்கள். நீ கட்டின் கடைசித் தாள் வரை போயிருக்கிறாய். மூன்றாம் நாள் காலையில் பிராதின் சொத்து விவரத்தையும் எஃப்.எம்.பி. நில அளவை வரைபடத்தையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "மேடம், நான்கு எல்லையும் சரியாகத்தான் இருக்கு. ஆனா உட்பிரிவு எண் இதில் 2ஏ, அதில் 2பி" என்றாய். விரல் அந்த எழுத்தை விட்டு நகரவே இல்லை.

நான் பார்க்கத் தவறியது அது. விசாரணை தொடங்குவதற்கு முன்னால் என்பதால் திருத்த மனு போட்டு எளிதாகச் சரிசெய்துவிட்டோம். தொடங்கிய பிறகு என்றால், உரிய கவனத்தோடு இருந்தும் முன்பே கண்டுபிடிக்க முடியவில்லை என்று கோர்ட்டை நம்பவைக்க வேண்டும். கையில் இருந்த வரைபடத்தையே பார்க்காமல் அதை எப்படிச் சொல்வது? ஆச்சி வருஷக்கணக்காக நடந்த பாதை ஓர் எழுத்தில் போயிருக்கும்.

அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ இந்த வேலைக்கான பிள்ளை என்று. பேச்சுத் திறமை கோர்ட்டில் நின்று நின்று வந்துவிடும். கடைசித் தாள் வரை போகிற பொறுமையை யாரும் கற்றுக்கொடுக்க முடியாது. அதை விட்டுவிடாதே. வழக்குகள் கூடும்போது முதலில் கைவிட்டுப் போவது அதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். வாய்தா கிடைத்த நாளில் ஆச்சி ஒன்றும் புரியாமல் நின்றபோது, நீ அவர்களை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், அடுத்த தேதியைக் காலண்டர் தாளில் பெரிய எழுத்தில் எழுதி, முந்தானையில் முடிந்துகொள்ளச் சொன்னாய். அந்தத் தேதியில் நமக்கு முன்னாலேயே ஆச்சி வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். அகில இந்திய பார் தேர்வுக்கு இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறதே என்று தள்ளிப்போடாதே. குறிப்புகள் இல்லாத பேர் ஆக்ட்டைப் பார்த்து எழுதலாம்தான். ஆனால் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கைக்குப் பழகியிருக்க வேண்டும். பழைய ஐ.பி.சி. எண்களும் புதிய நியாய சன்ஹிதா எண்களும் இரண்டுமே தெரிந்திரு. 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்களின் வழக்குகள் இன்னும் நிறைய ஓடுகின்றன.

அப்புறம், நம் ஆபீஸில் ஜன்னலோர மேஜையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். ஜூனியர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று நம் ஐகோர்ட் 2024-இல் சொன்னது. நம் ஊருக்கு மாதம் 15,000. ஒன்றாம் தேதியே கையில் வந்துவிடும், நீ கேட்க வேண்டியதில்லை. வேறு ஆபீஸில் சேரவோ சென்னையில் இருக்கவோ விருப்பம் இருந்தாலும் தயங்காமல் சொல். எனக்குத் தெரிந்த நல்ல சீனியர்களிடம் நானே பேசுகிறேன்.

இங்கே வருவதானால், ஆச்சியின் வழக்கு 30-ஆம் தேதி குறுக்கு விசாரணைக்கு வருகிறது. புது வக்காலத்தில் என் பெயருக்குக் கீழே உன் பெயரையும் சேர்க்க வேண்டும். ஆச்சியிடம் சொல்லிவிட்டேன். "அந்தப் பிள்ளையா? நானே வந்து கைநாட்டு வைக்கேன்" என்றார்கள். உன் பதிவு எண்ணை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
உன் சீனியர்
மங்கையர்க்கரசி