பொருள்: 60 நாள் நோட்டீஸ் முடித்தும் கிடைக்காத ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ்

09.06.2025
பல்லடம்

எச்.ஆர். மேனேஜர் அவர்களுக்கு,

வணக்கமுங்க சார். இது என் நான்காவது மெயில். முன்பு அனுப்பிய மூன்றுக்கும் பதில் வராததால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன், எம்.டி. சாரையும் இதில் சேர்த்திருக்கிறேன்.

மார்ச் 3ஆம் தேதி ராஜினாமா கொடுத்தேன், அன்று மாலையே நீங்கள் ஏற்றுக்கொண்டு மெயில் போட்டீர்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் இருக்கிற 60 நாளில் ஒரு நாளைக்கூடக் குறைக்கச் சொல்லிக் கேட்காமல் மே 2 வரை வேலை செய்தேன். புதிதாக வந்த பெண்ணுக்கு மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து டைம் அண்ட் ஆக்ஷன் சார்ட், லேப் டிப் அப்ரூவல், டையிங் ஃபாலோ அப் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். லேப்டாப், ஐ.டி. கார்டு, சாம்பிள் ஃபைல் எல்லாம் ஒப்படைத்து, ஸ்டோர்ஸ், அக்கவுன்ட்ஸ், ஐ.டி. மூன்றிலும் கையெழுத்து வாங்கிய நோ டியூ ஃபாரத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்போது போனில் சொல்லப்படும் காரணம், போலோ டி-ஷர்ட் ஆர்டர் ஏர் ஷிப்மென்ட்டில் போனதால் வந்த செலவு முடிவாகும் வரை லெட்டர் தர முடியாது என்பது. சார், அந்த ஆர்டரின் டையிங் லாட் ஷேடு ரிஜெக்ட் ஆனது மே 12. நான் வெளியே வந்து பத்து நாள் கழித்து. ஏப்ரல் 29 அன்று நான் அனுப்பிய ஹேண்ட் ஓவர் மெயிலில், அந்த லாட்டுக்கு ஷேடு பேண்ட் இன்னும் வரவில்லை, டையிங் யூனிட்டைத் தினமும் கேளுங்கள் என்று தெளிவாக எழுதியிருந்தேன், எடுத்துப் பாருங்கள். அப்படியே என் மேல் கணக்கு இருந்தாலும் அதை எழுத்தில் கேளுங்கள், பதில் சொல்கிறேன். நாலு வருஷம் நான் பார்த்த வேலையை அதற்காகப் பிடித்து வைக்கக் கூடாதுங்க.

பி.எஃப். கணக்கில் என் கடைசி நாள் 02.05.2025 என்று கம்பெனியே பதிந்திருக்கிறது. பி.எஃப்.க்கு நான் வேலையை விட்டாயிற்று, லெட்டருக்கு மட்டும் இன்னும் விடவில்லையா?

கோயம்புத்தூரில் சேர்ந்த இடத்தில் ஜூன் 20க்குள் இரண்டு லெட்டரும் கேட்கிறார்கள், இல்லையென்றால் வேலையை உறுதி செய்ய மாட்டார்கள். வீட்டில் என் சம்பளம்தான். ஏற்கனவே இரண்டு முறை லீவு போட்டு, பஸ் பிடித்து வந்து, ரிசப்ஷனில் மதியம் வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். லீவுக்குச் சம்பளம் போனது ஒரு பக்கம், நேற்றுவரை கூட வேலை செய்தவர்கள் முகம் பார்க்காமல் கடந்து போனது அதைவிடச் சங்கடமாக இருந்தது.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்: 02.05.2025 அன்று ரிலீவ் ஆனேன் என்ற லெட்டர், அப்புறம் 14.06.2021 முதல் ஜூனியர் மெர்ச்சண்டைசராகவும் ஏப்ரல் 2023 முதல் மெர்ச்சண்டைசராகவும் வேலை பார்த்தேன் என்ற சான்றிதழ். பாராட்டு வரி எதுவும் கேட்கவில்லை. ஜூன் 16 திங்கட்கிழமைக்குள் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்பினால் போதும், ஒரிஜினலை அதற்கடுத்த சனிக்கிழமை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

திங்கள் மாலை வரை வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன், தொழிலாளர் துறை அலுவலகத்திலும் மனு கொடுப்பேன். அந்த அளவுக்குப் போக எனக்கு மனசில்லை, நான் வேலை கற்றுக்கொண்ட இடம் அது.

இப்படிக்கு,
முன்னாள் மெர்ச்சண்டைசர்
ஊழியர் எண் 1187

இணைப்பு: ராஜினாமா ஏற்பு மெயில், நோ டியூ ஃபாரம், ஏப்ரல் 29 ஹேண்ட் ஓவர் மெயில்